பெட்டியைத் திறப்பவர் தனியாக இருக்கிறார்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு புதிய சீட்டாட்டத்தின் விதிப் புத்தகம்; அந்தப் புத்தகத்திலும் ஒரே ஒரு பக்கம். பெட்டியைத் திறந்ததிலிருந்து, முதல் ஆள் தன் முதல் சீட்டை இறக்கும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பக்கம். அதற்கு ‘ஏற்பாடு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதினால், அந்த ஆட்டத்தை அதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர், யார் உதவியும் இல்லாமல் மேசையைச் சரியாகத் தயார் செய்வார்? இதுதான் கேள்வி.

நான் உங்களைக் கேட்கிறேன். ரம்மியை நீங்கள் எந்தப் புத்தகத்தைப் படித்துக் கற்றீர்கள்? கழுதை ஆட்டத்துக்கு விதித்தாள் பார்த்தவர் இந்த அரங்கில் யாராவது உண்டா? யாழ்ப்பாணத்தில் 304 ஆடுகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? மாமா சொல்லிக்கொடுத்தார், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லிக்கொடுத்தார், திருவிழாவுக்கு வந்த சித்தப்பா சொல்லிக்கொடுத்தார். நாம் தப்பாகச் சீட்டைப் பிடித்தால், “அப்படி இல்லடா, இப்படி” என்று கையைப் பிடித்துத் திருத்த ஓர் ஆள் பக்கத்தில் இருந்தார். புதிய ஆட்டத்துக்கு அந்த ஆள் கிடையாது. அந்த ஆள் செய்த வேலை முழுவதையும் தாளில் அச்சடித்த எழுத்து செய்தாக வேண்டும்.

ஆட்டத்தின் நடுவே வரும் சந்தேகத்துக்கு ஏதோ ஒரு வழி உண்டு. நாலு பேரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஏற்பாட்டில் நேரும் பிழை அப்படிப்பட்டதல்ல. அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆட்டம் தொடங்கிவிடும், ஓடும், முடியவும் முடியும். “ஒண்ணும் சுவாரசியமா இல்லையே” என்று சொல்லிப் பெட்டியை அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். அவர்கள் ஆடியது உங்கள் ஆட்டமே இல்லை என்பது அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் ஒன்றும் விளங்காது. ஆகவே, இந்தப் பேச்சுக்காகவே ஒரு சிறிய ஆட்டத்தை அமைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். பெயர் ‘சந்தை நாள்’. இரண்டு பேர் முதல் நான்கு பேர் வரை ஆடலாம். மொத்தம் 54 சீட்டு. இரண்டு ஜோக்கரோடு நாம் வாங்கும் சாதாரணக் கட்டு இருக்குமே, அதே அளவு. அதில் காய்ச் சீட்டு 40. கத்தரி, வெண்டை, தக்காளி, முருங்கை என்று நான்கு காய்; ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட பத்துச் சீட்டு. மழைச் சீட்டு 4. விலைச் சீட்டு 6. ஒருவர் தன் முறை வந்தால் என்னென்ன செய்யலாம் என்பதை நினைவூட்டும் உதவிச் சீட்டு 4. நடுவில் மூன்று காய் விரித்திருக்கும், அது கடை. மழைச் சீட்டு வெளிப்பட்டால் விலை மாறும். இந்த அளவு தெரிந்தால் போதும்.

இதற்கு முதலில் ஓர் ஏற்பாட்டுப் பக்கம் எழுதினேன். பெரும்பாலானோர் எப்படி எழுதுவார்களோ அப்படியே, வேண்டுமென்றே எழுதினேன். கேளுங்கள்: “சீட்டுகளை நன்றாகக் கலைத்து ஆளுக்கு ஐந்து போடவும். மூன்று சீட்டுகளைக் கடையில் வைக்கவும். மீதியை நடுவில் வைக்கவும். விலைச் சீட்டைத் திருப்பவும். மழைச் சீட்டுகள் நடுக்கட்டில் இருக்க வேண்டும். இருவர் மட்டும் ஆடினால் முருங்கைச் சீட்டுகளை நீக்கிவிடவும்.”

காதில் விழும்போது இதில் என்ன குறை தெரிகிறது? எழுத்துப் பிழை இல்லை. எல்லா விவரமும் இருக்கிறது. ஆட்டத்தை உருவாக்கியவர் படித்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் மனத்தில் ஏற்கெனவே மேசை தயாராக இருக்கிறது. மேசை மனத்தில் இல்லாதவர் படித்தால் என்ன ஆகிறது?

பெட்டியை அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அக்காவும் தம்பியும். அக்கா கையில் புத்தகம், தம்பி கையில் சீட்டு. இதை நன்றாகக் கவனியுங்கள்: ஏற்பாட்டுப் பக்கத்தை ஒருவர் வாய்விட்டுப் படிக்கிறார், இன்னொருவர் கை வேலை செய்கிறது. படிக்கிற கண்ணும் செய்கிற கையும் பல நேரம் ஒரே ஆளுடையதல்ல.

அக்கா முதல் வாக்கியத்தைப் படித்தாள். “எல்லாத்தையுமாக்கா?” என்றான் தம்பி. “சீட்டுகளைன்னு போட்டிருக்கு. எல்லாந்தான்.” அவன் 54 சீட்டையும் ஒன்றாகக் கலைத்தான். ஆளுக்கு ஐந்து போட்டான். “கடைன்னா எது?” “தெரியலடா. இரு, மேல படிக்கிறேன்.” மேலே படித்தாள், கடை எது என்று எங்கும் இல்லை. மூன்று சீட்டைக் கவிழ்த்து ஓரமாக வைத்தான். கடைசி வாக்கியம் வந்தது: இருவர் ஆடினால் முருங்கையை நீக்கவும். அதற்குள் சீட்டுகள் கைக்குப் போய்விட்டன! “எங்கிட்ட ரெண்டு முருங்கை இருந்துச்சுக்கா. எடுத்துட்டேன். இப்ப மூணுதான் இருக்கு.” “பரவால்ல, மூணோட ஆடு.” அந்த மூன்றில் ஒன்று உதவிச் சீட்டு, ஒன்று மழைச் சீட்டு. காய் என்று அவன் கையில் இருந்தது ஒரே ஒரு தக்காளி.

அவர்கள் ஆடத் தொடங்கினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. யாரும் புத்தகத்தை வீசவில்லை. யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. தக்காளியை வைத்துக்கொண்டு ஆடினான்.

இந்தப் பக்கத்தை இனி ஒவ்வொரு வாக்கியமாகத் திருத்துவோம், வாருங்கள்.

ஏற்பாட்டில் வரும் எந்த வாக்கியமும், கை அசையும் முன்பே ஐந்து விவரங்களைச் சொல்லிவிட வேண்டும். எந்தச் சீட்டு? எத்தனை? யார் கைக்கு, அல்லது மேசையில் எந்த இடத்துக்கு? கவிழ்த்தா, நிமிர்த்தியா? யார் பார்க்கலாம்? “மூன்று சீட்டுகளைக் கடையில் வைக்கவும்” என்ற வாக்கியத்தில் எத்தனை என்பது மட்டுந்தான் இருக்கிறது. மற்ற நான்கையும் அந்தப் பையனே இட்டு நிரப்பிக்கொண்டான். இட்டு நிரப்பும்போது அவனுக்குத் தெரிந்த பழைய ஆட்டத்திலிருந்துதான் எடுத்துக்கொள்வான். வேறு எங்கிருந்து எடுப்பான்?

பழைய பழக்கம் எவ்வளவு வலுவானது என்பதற்கு ‘ஹனாபி’ என்ற ஆட்டத்தைச் சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டின் ஆன்ட்வான் பௌசா உருவாக்கியது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் சிறந்த ஆட்டத்துக்குத் தரும் விருதை 2013இல் பெற்றது. வாணவேடிக்கையை எல்லோரும் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆட்டம். அதில் உங்கள் சீட்டை நீங்கள் பார்க்கக் கூடாது! முகம் மற்றவர்களுக்குத் தெரியும்படி, முதுகு உங்களுக்குத் தெரியும்படி பிடிக்க வேண்டும். அந்த ஆட்டமே இந்த ஒன்றில்தான் நிற்கிறது. மற்றவர்கள் தரும் குறிப்பை வைத்துத்தான் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் ஊகிக்க வேண்டும். இரண்டு, மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு ஐந்து; நான்கு, ஐந்து பேர் ஆடினால் ஆளுக்கு நான்கு.

இதன் ஏற்பாட்டை நீங்கள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “ஆளுக்கு ஐந்து சீட்டு போடவும். சீட்டுகளைத் தங்களை நோக்கித் திருப்பக் கூடாது” என்று எழுதினால் என்ன ஆகும்? முதல் வாக்கியம் முடிந்ததுமே நம் கை சீட்டை எடுத்துவிடும், கண் பார்த்துவிடும். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம் அது. இரண்டாவது வாக்கியம் வரும்போது எல்லோரும் தங்கள் சீட்டைப் பார்த்து முடித்திருப்பார்கள். மறுபடி கலைத்துப் போட வேண்டியதுதான். ஆகவே, எச்சரிக்கை முதலில், வேலை பிறகு. பழக்கத்துக்கு மாறான ஒன்று உங்கள் ஆட்டத்தில் இருந்தால், கை அசையும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

தமிழில் எழுதும் நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. “இருவர் மட்டும் ஆடினால், முருங்கைச் சீட்டு 10ஐயும் பெட்டியில் வைக்கவும்” என்றால், நிபந்தனையைக் கேட்ட பிறகுதான் கை வேலைக்குப் போகும். வாக்கியத்துக்குள் இயல்பாகவே அமைந்திருக்கும் இந்த ஒழுங்கைப் பக்கம் முழுவதற்கும் நீட்டினால் போதும். ஆட்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து மாறும் எதுவானாலும், சீட்டுப் போடுவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும்.

அடுத்தது வரிசை. இதில்தான் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன்.

‘யூனோ’வை அறியாதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சலூன் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் என்பவர் 1971இல் உருவாக்கிய ஆட்டம். அந்தப் பழைய கட்டில் 108 சீட்டு. ஆளுக்கு ஏழு போட்டு, மீதியைக் கவிழ்த்து வைத்து, மேலே உள்ள ஒன்றை நிமிர்த்தினால் ஆட்டம் தொடங்கும். எவ்வளவு எளிது! ஆனால் நிமிர்த்திய முதல் சீட்டு சாதாரண எண்ணாக இல்லாமல் விசேஷச் சீட்டாக இருந்தால்? எந்த வீட்டிலும் சண்டை அங்கேதான் தொடங்கும். அதற்கு அதன் பழைய விதித்தாளில் பதில் உண்டு. முதல் ஆளைத் தாண்டும் சீட்டு வந்தால் அவரைத் தாண்ட வேண்டும். திசை திருப்பும் சீட்டு வந்தால் சீட்டுப் போட்டவர் முதலில் ஆடி, எதிர்த்திசையில் போக வேண்டும். இரண்டு எடுக்கச் சொல்லும் சீட்டு வந்தால் முதல் ஆள் இரண்டு எடுத்துக்கொண்டு தன் முறையையும் இழக்க வேண்டும். நிறம் மாற்றும் சீட்டு வந்தால் முதல் ஆள் நிறத்தைச் சொல்லலாம். நான்கு எடுக்கச் சொல்லும் சீட்டு வந்தால் அதைத் திரும்பக் கட்டில் செருகிவிட்டு வேறொன்றை நிமிர்த்த வேண்டும்.

பார்த்தீர்களா? ஒரு சீட்டை நிமிர்த்தும் ஒரே வேலைக்கு ஐந்து விதிவிலக்கு! ஏன் வந்தது? விசேஷச் சீட்டுகள் தொடக்கத்திலிருந்தே கட்டுக்குள் கலந்திருப்பதால் வந்தது.

நம் ‘சந்தை நாள்’ ஆட்டத்திலும் மழைச் சீட்டு நான்கையும் முதலிலேயே கலந்துவிட்டால் இதே தொல்லைதான். சீட்டுப் போடும்போது மழை ஒருவர் கைக்குப் போனால் என்ன செய்வது? கடையில் விரிக்கும் மூன்றில் மழை வந்தால் என்ன செய்வது? இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் போனால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சந்தேகம். இதற்கு மாறாக, முதலில் காய்ச் சீட்டை மட்டும் கலைத்துப் போட்டு, கடையையும் விரித்து முடித்த பிறகு, மீந்திருக்கும் காய்களோடு மழையைச் சேர்த்தால்? ஒரு விதிவிலக்கும் வேண்டாம். மழை கைக்கும் போக முடியாது, கடைக்கும் வர முடியாது.

மேட் லீகாக் உருவாக்கி 2008இல் வெளிவந்த ‘பாண்டெமிக்’ ஆட்டத்தில் இந்த முறை இருக்கிறது. முதலில் ஆளுக்குச் சீட்டுப் போட வேண்டும். பிறகு, மீந்த சீட்டுகளைச் சம அளவு குவியல்களாகப் பிரித்து, குவியலுக்கு ஒரு கொள்ளைநோய்ச் சீட்டாகக் கலந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். முதலிலேயே எல்லாவற்றையும் கலந்தால் நோய் தொடக்கக் கைக்கே வந்துவிடலாம், அல்லது அடுத்தடுத்துக் குவிந்து விழலாம். ஆகவே விதிவிலக்கு எழுதத் தோன்றும் இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: வரிசையை மாற்றினால் இந்தச் சிக்கலே வராமல் போகுமா? பல நேரம் போகும்.

சரி, நம் பக்கத்தைப் புதிதாக எழுதுவோம்.

முதல் படி: “எல்லாச் சீட்டையும் முகம் தெரியும்படி பரப்பி, நான்கு வகையாகப் பிரிக்கவும்: காய் 40, மழை 4, விலை 6, உதவி 4.” இதன் பக்கத்தில் ஒவ்வொரு வகையிலும் ஒரு சீட்டின் படம். முகம் தெரியும்படி என்று ஏன் சொல்கிறேன்? காயும் மழையும் பின்னால் ஒன்றாகக் கலக்கப் போகின்றன. ஆகவே இரண்டுக்கும் முதுகு ஒரே மாதிரிதான் இருந்தாக வேண்டும். முதுகைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னால் முடியாது. விலைச் சீட்டு கலக்கப் போவதில்லை. அதற்கு முதுகு வேறு நிறத்தில் இருக்கட்டும். அந்த நிறமே பாதி விதியைச் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: “ஆளுக்கு ஓர் உதவிச் சீட்டு கொடுக்கவும். மிஞ்சியதைப் பெட்டியில் வைக்கவும்.” மூன்றாம் படி: “இருவர் மட்டும் ஆடினால், முருங்கைச் சீட்டு 10ஐயும் பெட்டியில் வைக்கவும். இல்லாவிட்டால் ஆட்டம் மிக நீண்டுவிடும்.”

இந்தக் கடைசிச் சிறு வாக்கியம் எதற்கு என்று கேட்பீர்கள். விதிப் புத்தகத்தில் காரணம் சொல்ல இடம் எங்கே இருக்கிறது? எல்லா இடத்திலும் சொல்ல வேண்டாம். செய்கிறவருக்கு வீண்வேலையாகத் தோன்றும் இடத்தில் மட்டும் சொல்லுங்கள். வீண் என்று தோன்றியதை மனிதர்கள் தாண்டிவிடுவார்கள்.

ஜப்பானின் செய்ஜி கனாய் உருவாக்கிய ‘லவ் லெட்டர்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் வந்த அந்த முதல் ஆட்டத்தில் மொத்தமே 16 சீட்டு. ஏற்பாட்டில், கலைத்தவுடன் மேலே இருக்கும் ஒரு சீட்டை யாரும் பார்க்காமல் கவிழ்த்தபடியே விலக்கி வைக்க வேண்டும். முதன்முறை ஆடுகிறவருக்கு இது எப்படித் தோன்றும்? ‘ஆடாத சீட்டுக்கு ஏன் இந்தச் சடங்கு’ என்று தோன்றும். விலக்காமல் ஆடினால் என்ன ஆகும் தெரியுமா? இறங்கிய சீட்டுகளை எண்ணிக்கொண்டே வருகிறவர், கட்டு தீரும் நேரத்தில், எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடுவார். ஊகம்தான் அந்த ஆட்டத்தின் உயிர். ஊகம் போய்விட்டால் ஆட்டம் போயிற்று. “கடைசி வரை யாருக்கும் முழுக் கணக்குத் தெரியாமல் இருப்பதற்காக” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், யாரும் அந்தப் படியைத் தாண்ட மாட்டார்கள்.

நான்காம் படி: “விலைச் சீட்டு 6ஐயும் கலைத்து, மேசையின் நடுவில் கவிழ்த்து அடுக்கவும். இது விலைக்கட்டு. மேலே உள்ள ஒன்றை மட்டும் நிமிர்த்தவும்.” ஐந்தாம் படி: “காய்ச் சீட்டுகளை மட்டும் கலைத்து, ஆளுக்கு 5 கவிழ்த்துப் போடவும். அவரவர் சீட்டை அவரவர் மட்டும் பார்க்கலாம்.” ஆறாம் படி: “மீந்த காய்ச் சீட்டுகளில் மேலிருந்து 3 எடுத்து, விலைக்கட்டின் வலப்பக்கம் வரிசையாக நிமிர்த்தி வைக்கவும். இது கடை.” ஏழாம் படி: “இன்னும் மீந்திருக்கும் காய்ச் சீட்டுகளோடு மழைச் சீட்டு 4ஐயும் சேர்த்துக் கலைத்து, விலைக்கட்டின் இடப்பக்கம் கவிழ்த்து வைக்கவும். இது எடுப்புக்கட்டு.”

கடை, விலைக்கட்டு, எடுப்புக்கட்டு. மூன்று பெயரும் அந்தப் பொருள் மேசையில் பிறக்கும் இடத்திலேயே சொல்லப்பட்டுவிட்டன. பெயர் வைத்த பிறகு புத்தகம் முடியும்வரை அதே பெயர்தான். ஓரிடத்தில் எடுப்புக்கட்டு, இன்னோரிடத்தில் நடுக்கட்டு, வேறோரிடத்தில் மீதிக் குவியல் என்று அழகுக்காக மாற்றி எழுதினால், படிக்கிறவர் மூன்று கட்டுகளைத் தேடுவார். கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பு. விதிப் புத்தகத்தில் அதுதான் தெளிவு.

இப்போது எட்டாம் படி. என் மனத்துக்கு மிகவும் பிடித்த படி இதுதான். “எடுப்புக்கட்டை எண்ணவும். இருவர் அல்லது நால்வர் ஆடினால் 21 சீட்டு, மூவர் ஆடினால் 26 சீட்டு இருக்க வேண்டும்.”

கணக்கைப் பாருங்கள். நான்கு பேர்: 40இல் 20 கைக்குப் போனது, 3 கடைக்குப் போனது, மிச்சம் 17, மழை 4, ஆக 21. இரண்டு பேர்: முருங்கை போய் 30, கைக்கு 10, கடைக்கு 3, மிச்சம் 17, மழை 4, மறுபடியும் 21. மூன்று பேர்: 40இல் 15 கைக்கு, 3 கடைக்கு, மிச்சம் 22, மழை 4, ஆக 26.

இந்த எண்ணிக்கை என்ன செய்கிறது? பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துத் திருத்திய மாமாவின் வேலையைச் செய்கிறது! நான்கு பேர் ஆடும்போது 17 வந்தால் மழையை மறந்துவிட்டார்கள். 24 வந்தால் கடையை விரிக்கவில்லை. இரண்டு பேர் ஆடும்போது 31 வந்தால் முருங்கையை எடுக்கவில்லை. பிழை எங்கே என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த மூன்றையும் எட்டாம் படிக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டுவிடுங்கள். உங்கள் ஆட்டத்தில் எந்த எண் இப்படிச் சாட்சி சொல்லும் என்று தேடுங்கள். சீட்டாட்டம் என்றால் எங்காவது ஒரு கட்டு மீந்துதான் இருக்கும். அதை எண்ணச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி, யார் தொடங்குவது. சில ஆட்டங்களில் “கடைசியாகச் சந்தைக்குப் போனவர் தொடங்கட்டும்” என்பது போல வேடிக்கையாக எழுதுவார்கள். நல்ல கலகலப்புதான். ஆனால் இரண்டு பேர் அன்று காலையில் சேர்ந்தே சந்தைக்குப் போயிருந்தால்? “சீட்டுப் போட்டவருக்கு இடப்பக்கம் இருப்பவர் தொடங்குவார், பிறகு கடிகார முள் சுற்றும் திசையில் முறை போகும்” என்று எழுதிவிடலாம். திசையை விட்டுவிடாதீர்கள். 304 வலப்பக்கமாகச் சுற்றும் ஆட்டம். அதை ஆடிப் பழகியவர்கள் நீங்கள் சொல்லாவிட்டால் வலப்பக்கமாகத்தான் போவார்கள்.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்பாடு முடிந்த மேசையை மேலிருந்து பார்ப்பது போல ஒரு படம், படிகள் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே வர வேண்டும். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்படி வைக்காதீர்கள். கை நிறைய சீட்டு இருக்கிறது. படத்தில் ஒவ்வொரு பொருளின் மேலும் அந்தப் படியின் எண். எத்தனை பேருக்கான படம் என்பது அதன் தலைப்பிலேயே இருக்கட்டும். பலர் எழுத்தைப் படிக்கும் முன் படத்தைப் பார்த்து அடுக்கத் தொடங்குவார்கள். மூன்று பேருக்கான படத்தைப் பார்த்து இரண்டு பேர் அடுக்கினால் முருங்கை உள்ளேயே தங்கிவிடும்.

எழுதி முடித்தாயிற்று. இனி சோதனை. அதே ஆளிடம் மறுபடி கொடுக்காதீர்கள், அவருக்கு ஆட்டம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிய ஆள் வேண்டும். பெட்டியைக் கொடுங்கள், தள்ளி உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர்கள் தப்பு செய்யும்போது உங்கள் நாக்கு துடிக்கும். திருத்திவிட்டால் அந்தச் சோதனை அங்கேயே முடிந்தது. அச்சடித்து விற்ற பெட்டிக்குள் நீங்கள் போக முடியாது.

என்ன கவனிப்பது? “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். வாயைக் கேட்காதீர்கள், கையைப் பாருங்கள். சீட்டைக் கீழே வைக்கப் போன கை அந்தரத்தில் நின்றால், எந்த இடம் என்று நீங்கள் சொல்லவில்லை. படிக்கிறவரின் விரல் மேல்வரிக்குத் திரும்பினால், பெயரை மாற்றிவிட்டீர்கள் அல்லது நிபந்தனையைப் பின்னால் போட்டுவிட்டீர்கள். படிக்கிறவரின் குரல் தாழ்ந்து முணுமுணுப்பானால், வாக்கியம் நீளம். யாராவது கைப்பேசியை எடுத்து வீடியோ தேடினால், அந்தப் பக்கத்தை முழுவதும் திரும்ப எழுத வேண்டும். எந்தப் படியில் இது நடந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், காரணத்தை வீட்டுக்குப் போய் யோசிக்கலாம்.

வேறுவேறு ஆட்கள் ஒரே படியில் நின்றால், வாக்கியத்தை மெருகேற்றிக்கொண்டே இருக்காமல் சீட்டையே மாற்ற முடியுமா என்று பாருங்கள். ‘சந்தை நாள்’ பெட்டியில் அப்படி ஒன்று நடந்தது. திருத்திய பக்கத்தைக் கொடுத்த பிறகும் உதவிச் சீட்டு மற்றவற்றோடு கலந்துகொண்டே இருந்தது. அதுவும் காய்ச் சீட்டின் அளவு, அதே வளைந்த முனை, அதே முதுகு. எந்த வாக்கியம் எழுதியும் கை அதைக் கட்டில் சேர்த்துவிடுகிறது. ஆகவே உதவிச் சீட்டின் இரண்டு பக்கமும் எழுத்தையே அச்சிட்டேன். முதுகே இல்லாத சீட்டை யாரும் கலைப்பதில்லை.

அச்சகத்தில் சீட்டுகளை வகைவாரியாக அடுக்கிக் கட்டித் தரச் சொல்லலாம். முதல் படியில் பிரிக்கும் வேலை மிச்சம். ஆனால் அந்த வசதி முதல் நாளுக்கு மட்டும்தான். இரண்டாம் முறை பெட்டியைத் திறக்கிறவருக்கு எல்லாம் கலந்துதான் கிடைக்கும். அவர் வேறொரு வீட்டில் இருப்பவராகவும் இருக்கலாம், பெட்டியை இரவல் வாங்கி வந்தவராகவும் இருக்கலாம். ஆகவே பிரிக்கச் சொல்லும் முதல் படியை எடுத்துவிடாதீர்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், வெற்றிக் கணக்குக்குக் கீழே, இன்னும் ஒரு படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: “ஆட்டம் முடிந்ததும் காய், மழை, விலை, உதவி என்று நான்காகப் பிரித்து, 54 சீட்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பெட்டியில் வைக்கவும்.”

பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் ஆடிப் பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம். நான் ஓரமாகத்தான் உட்கார்ந்திருப்பேன். கேட்டால் பதில் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.